ஆபீஸ் நோட் எழுதுறது எப்படி: செக்‌ஷன்ல அடிக்கடி கேக்குற கேள்விகள்

குரூப் 4, குரூப் 2ஏ எழுதி வருவாய்த்துறைக்கு வர்றவங்க பவானிசாகர்ல பயிற்சி முடிச்சிட்டு செக்‌ஷன்ல உக்காந்ததும் கேக்குற சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்னாவே இருக்கு, அதனால அவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு எனக்குத் தெரிஞ்ச பதில கீழ எழுதி வச்சிருக்கேன். பொதுவா பேசினா மனசுல நிக்காதுன்னு எல்லாத்துக்கும் ஒரே உதாரணத்த எடுத்துக்கிட்டேன், கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு வர்ற தாமத பிறப்பு பதிவு மனு. அதுல வர்ற தேதியும் பக்க எண்ணும் விளக்கத்துக்காக நான் வச்சது.

மனு வந்தா நேரா ஆர்டர் டைப் பண்ணி கையெழுத்துக்கு வச்சா போதாதா, எதுக்கு தனியா ஒரு நோட்?

கையெழுத்து போடப் போறவர் கோட்டாட்சியர். அவர் மனுதாரர பாத்திருக்க மாட்டார், அந்த ஊருக்கும் போயிருக்க மாட்டார், அன்னைக்கு அவர் மேசைக்கு வர்ற பல ஃபைல்ல இதுவும் ஒன்னு. ஆர்டர்ல முடிவும் அதுக்கான காரணமும் இருக்கும். ஆனா எந்த ஆவணம் பலமா இருக்கு, எது இடிக்குது, வேற எப்படி முடிவெடுக்க வாய்ப்பு இருந்துச்சு, ஏன் அத விட்டோம், இதெல்லாம் நோட்லதான் இருக்கும்.

ஃபைல் ரெண்டு பகுதி. வந்த தாள், போன தாள் எல்லாம் கரண்ட் ஃபைல்ல. அதப் படிச்சிட்டு நாம எழுதுறதும் மேல இருக்கவங்க எழுதுறதும் நோட் ஃபைல்ல. நல்ல நோட்டுக்கு நான் வச்சிருக்கிற அளவு இதுதான்: அதிகாரி கரண்ட் பக்கம் போகாமலே முடிவெடுக்க முடியணும், சந்தேகம் வந்தா எந்தப் பக்கத்த திருப்பணும்னு உடனே தெரியவும் செய்யணும். கீழ வர்ற பதில் எல்லாமே சுத்தி சுத்தி இதுலதான் வந்து நிக்கும்.

ஃபைல கையில எடுத்தா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல, முதல் வரி என்ன எழுதணும்?

முதல்ல எழுதவே வேண்டாம். கரண்ட் ஃபைல்ல பக்க எண் போட்டிருக்கான்னு பாருங்க, இல்லேன்னா நீங்களே போடுங்க, ஏன்னா எண் இல்லாத தாள நோட்ல குறிப்பிடவே முடியாது. அப்புறம் ஒரு துண்டுத் தாள்ல தேதி வரிசையா எழுதிக்கோங்க. மனு எப்ப வந்துச்சு, தாசில்தார்கிட்ட அறிக்கை எப்ப கேட்டோம், எப்ப வந்துச்சு, இடையில நினைவூட்டு போச்சா. இத எழுதும்போதே ஃபைல்ல என்ன இல்லைங்கிறது கண்ணுல பட்டுரும்.

அடுத்து அதே தாள்ல ஒரே ஒரு கேள்வி எழுதுங்க: இப்ப அதிகாரி எத முடிவு பண்ணணும்? நம்ம உதாரணத்துல, 14.6.1998ல வீட்டுல பிறந்ததா சொல்ற ஒருத்தரோட பிறப்ப பதிவு செய்யச் சொல்லி பதிவாளருக்கு ஆணையிடலாமா வேண்டாமா, அவ்வளவுதான். அந்தக் கேள்விதான் நோட்டோட முதல் பாரா, ரெண்டு வரியில. அதுக்குப் பிறகு சங்கதி, பொருந்துற விதி, ரெண்டையும் பொருத்திப் பாத்தா என்ன வருது, என்ன ஆணை போடலாம். பாராவுக்கு எண் போடுங்க, மேல இருக்கவர் "பாரா 4ல் கூறியது சரி"ன்னு ஒரு வரியில முடிக்க அது உதவும்.

சங்கதி பகுதியில எவ்வளவு எழுதணும்? மனுவ அப்படியே இறக்கி வச்சிரலாமா?

மனுல இருக்கிற கஷ்டம், குடும்பக் கதை எல்லாம் கரண்ட்லயே இருக்கட்டும். முடிவ மாத்தக்கூடிய சங்கதி மட்டும்தான் நோட்டுக்கு வேணும். பிறப்பு பதிவுல அது நாலே நாலு: பிறப்பு நடந்துச்சா, எந்தத் தேதி, எந்த இடம், ஏற்கனவே எங்கயாச்சும் பதிவாகி இருக்கா. இப்ப ஏன் கேக்குறார்ங்கிறதும் ஒரு வரி வேணும், ஏன்னா வயச கூட்டவோ குறைக்கவோ காரணம் இருக்கான்னு அதுலதான் தெரியும்.

இதவிட முக்கியமானது, ஒவ்வொரு சங்கதியையும் யார் சொல்றாங்கன்னு வரியிலயே தெரியணும். மனுதாரர் சொல்றது ஒன்னு, சான்றுல இருக்கிறது ஒன்னு, விசாரணையில தெரிய வந்தது ஒன்னு. மூணையும் "பிறந்துள்ளார்"னு ஒரே தொனியில எழுதிட்டா அதிகாரிக்கு எல்லாமே நிரூபணமான மாதிரி தோணிரும். நான் எழுதுனா இப்படி இருக்கும்:

"2. மனுதாரர், தாம் 14.6.1998 அன்று இக்கோட்டத்திற்குட்பட்ட கிராமத்தில் தம் தாயாரின் பெற்றோர் இல்லத்தில் பிறந்ததாகவும், பிறப்பு பதிவு செய்யப்படவில்லை எனவும் தெரிவித்துள்ளார் (கரண்ட் பக்கம் 1). 1997 முதல் 1999 வரையிலான பதிவேடுகளில் பதிவு இல்லை என அக்கிராமப் பதிவாளர் சான்றளித்துள்ளார் (பக்கம் 3). தந்தையின் சொந்த ஊரிலும் பதிவு இல்லை என்பதற்கான சான்று பக்கம் 5ல் உள்ளது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி 14.6.1998 எனவும் (பக்கம் 7), ஆதாரில் 1.1.1998 எனவும் (பக்கம் 9) உள்ளது."

தந்தை ஊர்ச் சான்று எதுக்குன்னா, தலைப்பிரசவம் தாய் வீட்டுல நடக்கும், ஆனா பதிவ அப்பா ஊர்ல போய் போட்டிருப்பாங்க. ஒரு ஊர்ல மட்டும் தேடிட்டு ஆணை போட்டா ஒரே ஆளுக்கு ரெண்டு பதிவு ஆகிற வாய்ப்பு இருக்கு. அதே மாதிரி, தேதியிலயே சந்தேகம் இருக்கும்போது 1998 மட்டும் தேடின சான்று பத்தாது, முன்ன பின்ன ஒரு வருஷமாவது சேத்துத் தேடச் சொல்லணும்.

விதி பகுதியில செக்‌ஷன் நம்பர் போட்டா போதுமா, முழுசா எழுதணுமா?

நம்பர் மட்டும் போட்டா அதிகாரி புத்தகத்த தேடணும், முழு செக்‌ஷனையும் இறக்கினா அவருக்கு வேண்டிய வரி அதுல எங்கயோ புதைஞ்சு போயிரும். விதி கேக்குற நிபந்தனைகள உங்க வார்த்தையில பிரிச்சு எழுதி, செக்‌ஷன் நகல கரண்ட்ல வச்சிருங்க. பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் 1969, பிரிவு 13(3) ஒரு வருஷம் தாண்டின பிறப்ப பத்தி பேசுது. பிரிச்சா மூணு நிபந்தனை வருது. ஆணை போடுறவர் பிறப்பு நடந்த இடத்துக்கு அதிகாரம் உள்ள நடுவரா இருக்கணும், பிறப்பு உண்மைதானான்னு சரிபாத்திருக்கணும், உரிய கட்டணம் கட்டியிருக்கணும்.

இத எழுதி வச்சதும் அடுத்த பாரா தானா வந்துரும், ஒவ்வொரு நிபந்தனைக்கும் நேரா மேல எழுதின சங்கதி எதுன்னு சொல்றதுதான் அது. இடம் நம்ம கோட்டம், பக்கம் 11. சரிபார்ப்பு நடந்தாச்சு, பக்கம் 11லிருந்து 19 வரை. கட்டணம், ஆணைக்குப் பிறகு பதிவு செய்யும்போது பதிவாளர் வசூலிப்பார். ஏதாவது ஒரு நிபந்தனைக்கு நேரா எழுத ஒன்னும் இல்லேன்னா ஃபைல் இன்னும் முடிவுக்கு வரலைன்னு அர்த்தம், இன்னொரு அறிக்கை கேக்கணும்.

பழைய ஃபைல்ல இதே மாதிரி ஒரு நோட் இருக்கு, பேரும் தேதியும் மாத்தி போட்டுக்கலாம்ல?

அமைப்புக்கு பாத்துக்கலாம், தாராளமா. ஆனா விதி பாராவ மட்டும் அதுலேர்ந்து எடுக்காதீங்க. இந்த 13(3)யே நல்ல உதாரணம். 1969 மூலச் சட்டத்துல முதல் வகுப்பு நடுவர்னு இருந்துச்சு. 2023 திருத்தச் சட்டம் 1.10.2023லிருந்து அமலுக்கு வந்த பிறகு மாவட்ட நடுவர், உட்கோட்ட நடுவர், அல்லது மாவட்ட நடுவர் அதிகாரம் கொடுத்த நிர்வாக நடுவர்னு வாசகமே மாறிருச்சு. இதுல உட்கோட்ட நடுவர்ங்கிறது நம்ம கோட்டாட்சியர்தான். பழைய நோட்ட பாத்து எழுதினா, கோட்டாட்சியருக்கு அதிகாரம் எங்கேர்ந்து வருதுன்னு இப்ப இல்லாத ஒரு வாசகத்த காட்டி ஆணை போடுவோம், அது கோர்ட்டுக்குப் போனா முதல் கேள்வியே அதிகாரத்த பத்திதான் வரும்.

சங்கதியிலயும் ஒரு ஆபத்து இருக்கு. காப்பி அடிச்ச நோட்ல "அண்டை வீட்டார் இருவர் வாக்குமூலம் அளித்துள்ளனர்"னு பழைய வரி தங்கிரும், இந்த ஃபைல்ல ஒருத்தர்தான் கொடுத்திருப்பார். ஒவ்வொரு வரிக்கும் இந்த ஃபைலோட பக்க எண் போட்டே ஆகணும்னு வச்சுக்கிட்டா இது நடக்காது, எண் போட முடியாத வரி தானா வெளிய தெரியும்.

ஆவணத்துல தேதி ஒன்னுக்கொன்னு இடிக்குது, அதிகாரி குழம்பிடுவார்னு ஒன்ன மட்டும் காட்டலாமா?

காட்டாம விட்டது பின்னாடி தெரிஞ்சா, ஏன் மறைச்சீங்கன்னு கேள்வி எழுதினவர் மேலதான் வரும். இடிக்கிறத நீங்களே முதல்ல எடுத்து வச்சு, எத நம்பலாம், ஏன்னு சொல்லுங்க. அதிகாரி கையெழுத்து போட தயங்குற இடமே அதுதான், அதனால நோட்ல அதிக இடம் அதுக்குத்தான் கொடுக்கணும்.

நம்ம உதாரணத்துல பள்ளிச் சான்று ஜூன் 14, ஆதார் ஜனவரி 1. ஆதார்ல ஜனவரி 1 இருந்தாலே கவனிக்கணும், தேதி தெரியாதவங்களுக்கு வருஷத்த மட்டும் வச்சு பதிஞ்சா அந்தத் தேதிதான் வரும். 2024 அக்டோபர்ல உச்ச நீதிமன்றமும் ஒரு மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குல, வயச முடிவு பண்ண ஆதாரைவிட பள்ளி விடுப்புச் சான்றத்தான் ஏத்துக்கிச்சு. அதுக்காக பள்ளிச் சான்ற கண்ண மூடி நம்பவும் வேண்டாம், அதுவும் பெத்தவங்க வாய்ல சொன்ன தேதிதானே. அதோட பலம் எங்க இருக்குன்னா, அது எப்ப எழுதப்பட்டதுங்கிறதுல. 2003ல ஒன்னாம் வகுப்பு சேரும்போது பள்ளி சேர்க்கைப் பதிவேட்டுல அதே தேதி இருந்தா, இந்த மனுவ பத்தி யாரும் நினைச்சே பாக்காத காலத்துல எழுதினது அது. அதனால தலைமை ஆசிரியர்கிட்ட சேர்க்கைப் பதிவேட்டோட உண்மை நகல் கேட்டு வாங்கிட்டு இப்படி எழுதலாம்:

"4. ஆதாரில் உள்ள 1.1.1998 என்ற தேதிக்கு வேறு ஆவண ஆதரவு இல்லை. 14.6.1998 என்ற தேதி 2003ஆம் ஆண்டின் பள்ளி சேர்க்கைப் பதிவேட்டிலும் (பக்கம் 21), தாயார் மற்றும் அண்டை வீட்டார் இருவரின் வாக்குமூலங்களிலும் (பக்கம் 13 முதல் 17) ஒத்துள்ளது. எனவே 14.6.1998 என்ற தேதியை ஏற்கலாம்."

விஏஓ பரிந்துரைக்கிறார், ஆர்ஐ பரிந்துரைக்கிறார், தாசில்தாரும் பரிந்துரைக்கிறார். இதுக்கு மேல நான் என்ன எழுத இருக்கு?

பரிந்துரைங்கிறது அவங்க முடிவு, நமக்கு வேண்டியது அவங்க என்ன பாத்தாங்கங்கிறது. விஏஓ அறிக்கைய படிச்சு மூணு விஷயம் தேடுங்க. யார்கிட்ட விசாரிச்சார், அவங்களுக்கு அந்தப் பிறப்பு எப்படித் தெரியும், வாக்குமூலத்துல அவங்க கையெழுத்து இருக்கா. "விசாரித்ததில் உண்மை எனத் தெரியவருகிறது"ன்னு ஒரே வரியில அறிக்கை இருந்தா, மேல ஆர்ஐயும் தாசில்தாரும் அதையே திருப்பி எழுதியிருந்தா, மூணு கையெழுத்து இருந்தும் விசாரணை ஒன்னுகூட இல்ல.

கிராமத்துல பிறப்பு பதிவாளரே விஏஓதான்ங்கிறதையும் மறக்க வேண்டாம். பதிவு இல்லைன்னு சான்று தர்றவரும் அவர், விசாரிச்சு அறிக்கை தர்றவரும் அவர், ஆணைக்குப் பிறகு பதியப் போறவரும் அவர். அதனால தாசில்தார் அளவுல யாராவது நேர்ல ஒருத்தர்கிட்டயாவது பேசினாங்களான்னு பாத்து நோட்ல எழுதுங்க. பேசலைன்னா "தாசில்தார் நேரடி விசாரணை செய்து அறிக்கை அளிக்கக் கோரலாம்"ங்கிறதே அன்னைக்கு உங்க முன்மொழிவா இருக்கட்டும், அதுவும் முழுமையான நோட்தான்.

கடைசி பாராவுல "தக்க ஆணை வேண்டிப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது"ன்னு முடிச்சா போதும்னு சொல்றாங்களே?

அந்த வரி மரியாதைக்கு, அது இருக்கட்டும். அதுக்கு முன்னாடி என்ன ஆணைன்னு சொல்லணும். "தக்க ஆணை"ன்னு மட்டும் விட்டா நாம செய்ய வேண்டிய வேலைய அவர் மேசையில தள்ளிட்டோம், அவரும் "பேசவும்"னு எழுதி திருப்பி அனுப்புவார், ரெண்டு நாள் போச்சு.

யார் பேர்ல, எந்தப் பிரிவுல, என்ன செய்யச் சொல்லி, யாருக்கு ஆணை, இது நாலும் முன்மொழிவுல வரணும். "மேற்கண்ட நிலையில், மனுதாரரின் பிறப்பை 14.6.1998 எனப் பதிவு செய்ய, உரிய கட்டணம் வசூலிக்கும் நிபந்தனையுடன், பிரிவு 13(3)ன் கீழ் பதிவாளருக்கு ஆணையிடலாம். ஒப்புதல் அளித்தால் வரைவு ஆணை கீழே வைக்கப்பட்டுள்ளது." இப்படி இருந்தா அதிகாரி "ஆம்"னு எழுதினாலே எதுக்கு ஆம்னு சந்தேகம் வராது. ரெண்டு விதமா முடிவெடுக்க இடம் இருக்குன்னா ரெண்டையும் எழுதி, ஒவ்வொன்னுக்கும் என்ன விளைவுன்னு ஒரு வரி சொல்லி, நீங்க எத பரிந்துரைக்கிறீங்கன்னும் சொல்லுங்க. அவர் மத்தத தேர்ந்தெடுத்தா அது அவர் உரிமை, அதுல நீங்க வருத்தப்பட ஒன்னும் இல்ல.

நோட்லயே எல்லா காரணமும் இருக்கே, ஆர்டர்ல சுருக்கமா போட்டா என்ன?

மனுதாரர் கைக்குப் போறது ஆர்டர் மட்டும்தான். மொகிந்தர் சிங் கில் வழக்குல 1977 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னைக்கும் எல்லா கோர்ட்லயும் எடுத்துக் காட்டப்படுது: ஒரு சட்டபூர்வ ஆணை சரியா தப்பான்னு அந்த ஆணையில சொன்ன காரணத்த வச்சுத்தான் பாக்கணும், பின்னாடி பிரமாணப் பத்திரத்துல புதுக் காரணம் சேக்க முடியாது. அதனால நோட்ல மட்டும் அருமையா காரணம் எழுதிட்டு, ஆர்டர்ல "மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது"ன்னு போட்டா அது நிக்காது.

செயல்முறை ஆணையோட வடிவம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், மேல ந.க. எண், பொருள், பார்வை, அதுக்குக் கீழ ஆணை. நான் செய்யுறது என்னன்னா நோட்டோட சங்கதி, விதி, முடிவு பாராக்கள அப்படியே ஆணை நடைக்கு மாத்தி வைக்கிறது, பக்க எண்ணும் ஆபீஸ் உள்விவகாரமும் மட்டும் போயிரும். நோட் சரியா எழுதியிருந்தா வரைவு சீக்கிரம் வந்துரும், வரைவு வரமாட்டேங்குதுன்னா நோட்லதான் ஏதோ ஓட்டை இருக்கு.

நிராகரிக்கச் சொல்லி நோட் வைக்கணும்னா வேற மாதிரி எழுதணுமா?

வடிவம் அதேதான், ஆனா ஒரு படி கூடுதல். மனுதாரருக்கு எதிரா எந்த ஆவணத்த பயன்படுத்தப் போறோமோ அத அவருக்குக் காட்டி விளக்கம் கேட்டோமான்னு நோட்ல தனி பாராவா வரணும். உதாரணத்துக்கு, ஆஸ்பத்திரி ரெக்கார்டுல 1996ல அதே தாய்க்கு பிரசவம் நடந்ததா இருக்கு, மனுதாரர் 1998ங்கிறார். அது அவரோட அக்காவா இருக்கலாம். கேக்காமலே "தேதி தவறு"ன்னு நிராகரிச்சா, அந்த ஒரே காரணத்துல ஆணை ரத்தாகி ஃபைல் மறுபடி நம்மகிட்டயே வரும்.

அதனால முதல் சுத்துல நிராகரிப்ப முன்மொழியாம, "மனுதாரருக்கு விளக்கம் கோரி அறிவிப்பு அனுப்பலாம்"னு முன்மொழியுங்க. பதில் வந்ததும் அவர் சொன்னத நேர்மையா சுருக்கி எழுதி, அத ஏன் ஏத்துக்க முடியலைன்னு சொல்லி, அப்புறம் நிராகரிப்ப வைங்க. "விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை"ங்கிற ஒத்தை வரி காரணமே ஆகாது, ஏன் ஏற்கத்தக்கது இல்லைங்கிறதுதான் காரணம்.

மனு நம்ம ஆபீஸுக்கு வந்துருச்சு, விசாரணையும் முடிஞ்சிருச்சு, இப்பத்தான் பிறந்த ஊர் வேற கோட்டம்னு தெரியுது. என்ன பண்றது?

மேல விதி பத்தின பதில்ல சொன்ன முதல் நிபந்தனையே இங்க இல்ல, பிறப்பு நடந்த இடத்துக்கு அதிகாரம் உள்ள நடுவர்தான் ஆணை போடணும். மனுதாரர் எங்க குடியிருக்கார்ங்கிறது கணக்குல வராது. விசாரணை எவ்வளவு நல்லா நடந்திருந்தாலும் அதிகாரம் இல்லாத ஆணை நிக்காது, "மனுதாரர் நலன் கருதி"ன்னு எழுதினாலும் நிக்காது.

இந்த நோட் ரொம்ப சின்னது. பிறந்த இடம் எதுன்னு ஒரு வரி, பக்க எண்ணோட. பிரிவு 13(3) என்ன சொல்லுதுன்னு ஒரு வரி. மனுவையும் அறிக்கைகளையும் உரிய கோட்டாட்சியருக்கு அனுப்பலாம், மனுதாரருக்கும் தகவல் தரலாம்னு முன்மொழிவு. மனுதாரருக்குத் தகவல்ங்கிற பகுதிய மட்டும் தயவுசெஞ்சு விட்டுராதீங்க, அவர் பாட்டுக்கு நம்ம வாசல்லயே நடையா நடந்துக்கிட்டு இருப்பார். அப்புறம், இடத்த மனு வந்த அன்னைக்கே பாத்திருந்தா இவ்வளவு நாள் வீணாகியிருக்காது, அதனாலதான் சங்கதி பாராவுல இடத்த முன்னாடியே வைக்கச் சொல்றேன்.

"பேசவும்"னு எழுதி ஃபைல் திரும்பி வந்துச்சு, பேசிட்டேன், அடுத்து நோட்ல என்ன எழுத?

பேசினது என்ன, அதுல என்ன முடிவாச்சுன்னு அடுத்த பாரா எண் போட்டு எழுதுங்க, தேதியோட. "பேசப்பட்டது"ன்னு ஒரு வார்த்தையில விட்டா பின்னாடி வர்றவருக்கு ஒன்னும் புரியாது. "தந்தை ஊரிலும் பதிவேடு தேடப்பட்டதா என வினவப்பட்டது. பக்கம் 5ல் சான்று உள்ளமை காட்டப்பட்டது. முன்மொழிவு அப்படியே மறுசமர்ப்பிக்கப்படுகிறது." இந்த அளவு போதும்.

அதிகாரி வாய்ல "இப்படி நோட் வை"ன்னு சொல்றார், ஆனா விதி அப்படி இல்ல. நான் சின்ன ஆளு, என்ன பண்ண முடியும்?

முதல்ல அவர்கிட்டயே மரியாதையா விதிய காட்டிக் கேளுங்க, பல நேரம் அவருக்குத் தெரிஞ்ச புது அரசாணை ஏதாவது இருக்கும், அப்படி இருந்தா அத கரண்ட்ல வச்சு நோட்ல காட்டிரலாம், பிரச்சனை முடிஞ்சுது. அப்படி எதுவும் இல்லாம "நான் சொல்றேன் வை"ன்னா, சங்கதி பாராவும் விதி பாராவும் உண்மையா இருக்கிற மாதிரியே எழுதுங்க, அதுல ஒரு எழுத்தும் வளைக்காதீங்க. பிரிவு எழுத்தரா உங்க கருத்து என்னவோ அதையும் எழுதி, அதுக்குக் கீழ "வாய்மொழி அறிவுரையின்படி மாற்று வரைவும் வைக்கப்பட்டுள்ளது, ஆணை வேண்டப்படுகிறது"ன்னு வைங்க.

கீழ இருக்கவர் வேற கருத்து எழுதியும் மேல இருக்கவர் தன் முடிவ எழுதலாம், அதுல தப்பே இல்ல, அதிகாரம் அவர்கிட்டதான் இருக்கு. அவர் தன் காரணத்த தன் கையால எழுதுவார், பொறுப்பும் அவர்து. உங்க கருத்த நீங்க எழுதாம, அவர் முடிவ உங்க கருத்தா எழுதிக் கொடுக்கும்போதுதான் அவரோட பொறுப்பு முழுசா உங்க தலையில வந்து விழுது. வார்த்தை மட்டும் தன்மையா இருக்கட்டும், யாரையும் குத்திக்காட்டுற இடமா நோட்ட ஆக்கிராதீங்க.

"இந்த நோட்ட எடுத்துட்டு வேற எழுதிட்டு வா"ன்னு சொன்னா?

இன்னும் யாரும் இனிஷியல் போடாத, நீங்க மேல அனுப்பாத தாள்னா அது வரைவுதான், திருத்தி எழுதலாம். ஒருத்தர் கையெழுத்து விழுந்த பிறகு அது பதிவேடு, தாள எடுக்கக் கூடாது. மாற்றம் வேணும்னா கீழ புது பாராவா எழுதணும், மேல எழுதினதுல எது ஏன் மாறுதுன்னு சொல்லி.

இ-ஆபீஸ்ல இத சிஸ்டமே பாத்துக்குது. மஞ்சள் நோட் வரைவு, அனுப்பித் திருத்திக்கிட்டே இருக்கலாம், வேண்டாம்னா தூக்கிரலாம். பச்சை நோட் ஒரு தடவ அனுப்பினா யாராலயும் திருத்த முடியாது, யார் எத்தனை மணிக்கு அனுப்பினாங்கங்கிறதும் கூடவே நிக்கும். அதனால சந்தேகம் இருக்கிற ஃபைல்ல முதல்ல மஞ்சள்ல போட்டு கண்காணிப்பாளர்கிட்ட காட்டிட்டு அப்புறம் பச்சைக்கு மாத்துங்க.

நோட்ல கோட்டாட்சியர் "ஒப்புதல்"னு போட்டுட்டார், மனுதாரர் வெளிய நிக்கிறார், ஆர்டர் ஆயிருச்சுன்னு சொல்லிரலாமா?

சொல்லாதீங்க. பச்சித்தர் சிங் வழக்குல 1962லயே உச்ச நீதிமன்றம் இத தெளிவா சொல்லிருச்சு: கோப்புல எழுதினது முறையான ஆணையா வெளிவந்து உரியவருக்குத் தெரிவிக்கப்படுற வரைக்கும் அது ஆணை ஆகாது, எழுதினவரே அதுக்குள்ள மனசு மாறலாம். தூய நகல் எடுத்து, கையெழுத்தாகி, அனுப்புகைக்குப் போற வரைக்கும் "பரிசீலனையில இருக்கு"ங்கிறதுதான் சரியான பதில்.

இதுல உங்க பக்க வேலையும் ஒன்னு இருக்கு, ஒப்புதல் வந்த ஃபைல் மேசையில கிடக்கக் கூடாது. ஒப்புதலுக்கும் அனுப்புகைக்கும் நடுவுல மாசக்கணக்குல இடைவெளி விட்டா, மனுதாரர் பாதிக்கப்படுறது மட்டும் இல்லாம, ஏன் நிறுத்தி வச்சீங்கன்னு கேட்டா சொல்ல பதில் இருக்காது.

ஆர்டிஐயில நோட்டையும் சேத்துக் கேட்டா கொடுக்கணுமா? அப்ப நோட்ல வெளிப்படையா எழுதவே பயமா இருக்கே.

கொடுக்கணும். 2005 சட்டத்துல பதிவேடுங்கிறதுக்குள்ள கோப்பும் வருது, கோப்புக் குறிப்புகளுக்கு தனியா விலக்கு எதுவும் கொடுக்கல, 2006 ஜனவரியிலயே மத்திய தகவல் ஆணையம் நோட்டும் கொடுக்க வேண்டியதுன்னு முடிவு சொல்லிருச்சு. பிரிவு 8ல இருக்கிற விலக்குல எது பொருந்துதோ அந்தப் பகுதிய மட்டும் பிரிவு 10ன்படி நீக்கிட்டு மிச்சத்த தரணும். நம்ம உதாரணத்துல மூணாவது ஆள் கேட்டா ஆதார் நகல், அண்டை வீட்டாரோட முகவரி, இதெல்லாம் நீக்க வேண்டியவை.

அதனால நோட் பாராவுக்குள்ள ஆதார் எண், ஃபோன் நம்பர் எல்லாம் எழுதாம "ஆதார் நகல், பக்கம் 9"ன்னு மட்டும் குறிப்பிடுங்க, அப்ப நோட்ட அப்படியே நகல் எடுத்துக் கொடுத்துரலாம், கரண்ட்ல ரெண்டு மூணு பக்கத்துல மட்டும் மறைச்சா போதும். சாட்சிகளையும் "அண்டை வீட்டார் 1, அண்டை வீட்டார் 2"ன்னு குறிப்பிட்டு பேர வாக்குமூலத்தோட விட்டுருங்க. மனுதாரர் பத்தியோ விஏஓ பத்தியோ ஆதாரம் இல்லாத அபிப்பிராயம் மனசுல இருந்தா அத எழுதவே எழுதாதீங்க, ஆதாரம் இருந்தா பக்க எண்ணோட எழுதுங்க, அந்த வரிய யார் வாங்கிப் படிச்சாலும் உங்களுக்கு ஒன்னும் ஆகாது.